26ஆம் வாரத்தில் கேட்ட முணுமுணுப்பு: படுவான்கரைத் தாயொருவரின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயற்கிராமம் ஒன்றைச் சேர்ந்த 26 வயதுத் தாயொருவர், தம் முதற் கர்ப்பத்தின் 26ஆம் வாரத்தில், கணவருடனும் தாயாருடனும் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். அவருடைய வழமையான கிளினிக் நாள் அடுத்த வாரந்தான். ஆனால் இரண்டு நாட்களுக்கு முன்னர் காய்ச்சலுக்காக நகரில் ஒரு வைத்தியரைச் சனல் பண்ணிக் காட்டியபோது, அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு "இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது, பார்க்கவேண்டும்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் சத்தம் ஓட்டையாகிவிட்டது. கணவர் கதிரையில் உட்காரவும் இல்லை. "டொக்டர், நெஞ்சில ஓட்டை எண்டா வயித்தில இருக்கிற புள்ளைக்கும் வருமா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. அந்தப் பெண் இரண்டு இரவுகளாக நித்திரை கொள்ளவில்லை.

முணுமுணுப்பு என்று வைத்தியர்கள் சொல்லும் அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். அது உண்மையில் இருந்தது. அதைக் கேட்டவர் தவறாகக் கேட்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது, எட்டாம் வாரத்தில் இல்லாத ஒன்று 26ஆம் வாரத்தில் ஏன் வந்தது, நோயுள்ள இதயத்தின் சத்தத்திலிருந்து அதைப் பிரித்தறிவது எப்படி என்பவற்றை அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. இத்தாயின் கர்ப்ப அட்டையில் முதல் வருகையிலிருந்தே அளவுகள் ஒழுங்காகப் பதியப்பட்டிருந்ததால், சாதாரணக் கர்ப்பத்தில் இரத்தச் சுற்றோட்டம் மாறும் விதத்தை அவருடைய எண்களைக் கொண்டே விளக்க முடிகிறது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அட்டையில் இருந்தவை

எட்டாம் வாரத்தில் பதிவு செய்தபோது அவருடைய நிறை 51 கிலோகிராம், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 74, இரத்த அழுத்தம் 112/72, ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.3 கிராம், மொத்த இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு 37 வீதம். இதயத்தைச் சோதித்த வைத்திய அதிகாரி "இரண்டு ஒலிகள், முணுமுணுப்பு இல்லை" என்று தெளிவாக எழுதியிருந்தார். பின்னர் எழுந்த கேள்விகளில் பாதிக்கு அந்த ஒரு வரியே பதில் தந்தது. முதல் வருகையிலேயே ஒவ்வொரு கர்ப்பிணியின் இதயத்தையும் வைத்தியர் ஒருவர் கேட்டுப் பதியவேண்டும் என்ற நம் நாட்டு நடைமுறையின் பயன் இத்தகைய நாளில்தான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால், புதிய சத்தம் எது, பிறந்த நாள் முதல் இருந்த சத்தம் எது என்று எவராலும் சொல்ல முடியாது.

இருபதாம் வாரத்தில் அழுத்தம் 98/58 ஆகக் குறைந்து, நாடித்துடிப்பு 84 ஆகியிருந்தது. 26ஆம் வாரத்தில், காய்ச்சல் முற்றாக விட்டிருந்த நிலையில், நாங்கள் அளந்தபோது அழுத்தம் 102/62, நாடித்துடிப்பு 90, ஹீமோகுளோபின் 10.8, செங்குழியங்களின் பங்கு 32.5 வீதம். இந்த எண்களைத் தனித்தனியே பார்ப்பவருக்கு அழுத்தம் குறைந்து, இரத்தம் குறைந்து, இதயம் வேகமாக அடிக்கின்ற ஒரு நோயாளி தெரிவார். ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தால் அங்கே நோயாளி இல்லை.

முதலில் தளர்வது குழாய்கள்

கர்ப்பத்தில் இரத்தம் கூடுகிறது, அதனால் இதயம் கூடுதலாக உழைக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். நிகழும் வரிசை வேறு. கரு தங்கிய ஐந்தாறு வாரங்களிலேயே, சூல்வித்தகம் இன்னும் சிறிதாக இருக்கும்போதே, தாயின் உடலெங்கும் உள்ள சிறு நாடிகள் தளரத் தொடங்குகின்றன. புரோஜெஸ்தரோன், ரிலாக்சின் ஆகிய ஓமோன்களும், நாடிகளின் உட்சுவரே சுரக்கும் நைத்திரிக் ஒட்சைட்டும் இத்தளர்வை உண்டாக்குகின்றன. குழாய்கள் விரிந்தால் அவற்றுக்குள் இருக்கும் அதே அளவு இரத்தம் போதாததாகிவிடும். உடலைப் பொறுத்தவரை இது இரத்தம் குறைந்த நிலைக்குச் சமம். எனவே சிறுநீரகம் ரெனினைச் சுரக்க, அதன் தொடர்ச்சியாக அல்டோஸ்தரோன் கூடி, உப்பும் அதனுடன் நீரும் உடலில் தேங்குகின்றன. பேறுகாலம் நெருங்கும்போது ஒரு தாயின் உடலில் மேலதிகமாகச் சேர்ந்திருக்கும் நீர் ஆறரை லீற்றருக்கும் எட்டரை லீற்றருக்கும் இடைப்பட்டது. குழந்தையிலும் பனிக்குட நீரிலும் உள்ளதும் இதில் அடங்கும். இத்தாயின் கணுக்காலில் மாலை நேரத்தில் விரல் அழுத்தினால் சிறு குழி விழுந்ததற்கும் இதுவே காரணம்.

இதை அவருடைய கணவருக்கு வயலை வைத்தே சொன்னேன். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்பவர் அவர். கிளை வாய்க்கால்கள் அத்தனையையும் ஒரே நேரத்தில் அகலமாக வெட்டிவிட்டால் பெரிய வாய்க்காலில் மட்டம் இறங்கும். மட்டத்தைப் பிடித்து வைக்கவேண்டுமென்றால் மேலே துருசைக் கூடுதலாகத் திறக்கவேண்டும். அழுத்தம் இருபதாம் வாரத்தில் இறங்கியதும் நாடித்துடிப்பு ஏறியதும் இந்த ஒரே செயலின் இரு பக்கங்கள். அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். எட்டாம் வாரத்தில் சராசரி நாடி அழுத்தம் ஏறத்தாழ 85. இதயம் ஒரு துடிப்பில் 65 மில்லிலீற்றர் வெளியேற்றியது என்று கொண்டால், 74 துடிப்புக்கு நிமிடத்துக்கு 4.8 லீற்றர். 26ஆம் வாரத்தில், இதயத்தை ஒலியலையால் பார்க்கும் எக்கோவில், ஒரு துடிப்புக்கு 78 மில்லிலீற்றர் அளக்கப்பட்டது. 90 துடிப்புக்கு அது 7 லீற்றர். சராசரி அழுத்தமோ 75 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் கூடிய ஓட்டம் செல்கிறது என்றால் பாதையின் தடை குறைந்திருக்கிறது என்பதே பொருள்; இரு வேளைகளிலும் அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை ஐந்தில் இரண்டு பங்கு வீழ்ந்திருப்பது தெரியும். இதயவெளியேற்றம் 30 முதல் 50 வீதம் வரை உயர்வது சாதாரணக் கர்ப்பத்தின் இயல்பு. அந்த உயர்வின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு கூடுவதாலும், பிற்பகுதியில் நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது வரை கூடுவதாலும் அது நிலைநிறுத்தப்படுகிறது. வயிறு பெருத்த பிறகுதான் இதயத்துக்குப் பாரம் என்று நினைப்பது இதனால் தவறு. பாரம் ஏறும்போது வயிறு வெளியே தெரிவதே இல்லை.

குறைந்ததுபோல் தோன்றிய இரத்தம்

தாயார் அதிகம் கவலைப்பட்டது 10.8 என்ற எண்ணைப் பார்த்துத்தான். "சத்துக் குளிசை எல்லாம் ஒழுங்காத்தான் குடிக்கிறா டொக்டர், எப்பிடி ரத்தம் குறைஞ்ச?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

51 கிலோகிராம் நிறையுள்ள பெண்ணின் உடலில் கர்ப்பத்துக்கு முன் ஏறத்தாழ 3.3 லீற்றர் இரத்தம் இருக்கும். அதில் 37 வீதம், அதாவது 1.2 லீற்றர், செங்குழியங்கள், மீதி 2.1 லீற்றர் பிளாஸ்மா எனப்படும் குருதித் திரவம். 26ஆம் வாரமளவில் மொத்த இரத்தம் 40 வீதம் கூடி 4.6 லீற்றராகியிருக்கும் என்று கொண்டால், அதன் 32.5 வீதம் 1.5 லீற்றர் செங்குழியங்களாகும். ஆக, செங்குழியங்கள் கால்பங்கு அளவு கூடியுள்ளன. பிளாஸ்மாவோ ஏறத்தாழ பாதிப்பங்கு கூடி 3.1 லீற்றராகிவிட்டது. இரண்டும் கூடியிருக்கின்றன, ஒன்று மற்றதைவிட வேகமாகக் கூடியிருக்கிறது. அதனால் டெசிலீற்றர் ஒன்றில் இருக்கும் ஹீமோகுளோபின் குறைவாகத் தெரிகிறது. முழு உடலுக்குமாகப் பெருக்கிப் பார்த்தால், முன்பு டெசிலீற்றருக்கு 12.3 கிராமாக 33 டெசிலீற்றரில் சுமார் 405 கிராம் ஹீமோகுளோபின் இருந்தது. இப்போது டெசிலீற்றருக்கு 10.8 கிராமாக 46 டெசிலீற்றரில் சுமார் 495 கிராம் இருக்கிறது. தொண்ணூறு கிராம் கூடியிருக்கிறது. அந்தத் தாயாரிடம் இரத்தம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது, கலங்கலில் தண்ணீர் சேர்ந்து தெளிந்திருக்கிறது என்று சொன்னேன்.

இந்த விளக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதைக் கடந்து இதைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டாம் மூன்று மாதப் பகுதியில் 10.5 கிராமுக்கும், முதலாம், மூன்றாம் பகுதிகளில் 11 கிராமுக்கும் கீழே போனால் அதை இரத்தச்சோகை என்றே கொண்டு காரணம் தேடவேண்டும். 'கர்ப்பத்தில் எல்லோருக்கும் குறையும்' என்ற சொல்லின் பின்னால் இரும்புச்சத்துக் குறைபாடும் தலசீமியாப் பண்பும் ஒளிந்துகொண்ட சந்தர்ப்பங்களை நான் கண்டிருக்கிறேன். இத்தாயின் செங்குழியங்கள் அளவிலும் நிறத்திலும் சாதாரணமாக இருந்தன. அதைப் பார்த்த பிறகே மேற்சொன்ன கணக்கைப் போட்டேன். மொத்த இரத்தம் 32ஆம் வாரமளவில் உச்சத்தை அடைந்து, பேறு வரை ஏறத்தாழ அந்த மட்டத்திலேயே நிற்கும்.

கட்டிலில் படுத்தபோது

சோதனைக்காக அவரை மல்லாக்கப் படுக்கவைத்து நாங்கள் கதைத்துக்கொண்டிருந்த நான்கைந்து நிமிடங்களில் அவருடைய முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை பொடிந்தது. "தலை சுத்துது மிஸ்" என்று பக்கத்தில் நின்ற மருத்துவமாதுவின் கையைப் பிடித்தார். அந்த மருத்துவமாது பலகாலம் களத்தில் வேலை செய்தவர்; நான் வாய் திறப்பதற்குள் இடப்பக்கமாகத் திருப்பிவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் நிறம் திரும்பியது. இருபதாம் வாரத்துக்குப் பிறகு, மல்லாக்கப் படுக்கும்போது கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் கீழ்ப் பெருநாளத்தை நசுக்குகிறது. கால்களிலிருந்து இதயத்துக்குத் திரும்பவேண்டிய இரத்தம் தடைப்பட்டு, சிலரில் இதயவெளியேற்றம் கால்பங்குக்கு மேல் குறைந்துவிடும். கணவரின் முகத்தில் பயம் மீண்டும் தெரிந்ததால் இதையும் அவருக்கு விளக்கவேண்டியிருந்தது. முணுமுணுப்பைப் பற்றி முடிவெடுப்பவர் கவனிக்கவேண்டிய செய்தியும் இதில் உண்டு: மல்லாக்கப் படுத்த நிலையிலும் இடப்பக்கம் சரிந்த நிலையிலும் ஒரே பெண்ணிடம் வெவ்வேறு அளவு ஓட்டம் இருக்கிறது, எனவே சத்தத்தின் உரப்பும் மாறும். எந்த நிலையில் கேட்டோம் என்பதை எழுதாமல் 'முணுமுணுப்பு உண்டு' என்று மட்டும் எழுதுவது அரைகுறைப் பதிவு.

இடப்பக்கம் சிறிது சரிந்த நிலையில் தொடர்ந்தோம். கழுத்து நாளங்கள் உயர்ந்திருக்கவில்லை. இதய நுனியின் துடிப்பு நான்காம் விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுக்கோட்டுக்குச் சற்று வெளியே தட்டுப்பட்டது. உதரவிதானம் மேலேறி இதயத்தை மேல்நோக்கியும் இடப்புறமாகவும் சாய்ப்பதால் இந்த இடமாற்றம் நிகழ்கிறது. முதலாம் இதய ஒலி உரத்திருந்தது. நுனியில், இரண்டாம் ஒலியை அடுத்து, மெல்லிய மூன்றாம் ஒலியொன்றும் கேட்டது. கூடுதல் இரத்தம் வேகமாக வந்து இதயவறையை நிரப்பும்போது எழும் இந்த ஒலியைச் சாதாரணக் கர்ப்பிணிகளில் பெரும்பாலானோரிடம் கேட்கலாம்.

பிறகு அந்த முணுமுணுப்பு. மார்பெலும்பின் இடது ஓரத்தில், இரண்டாம் மூன்றாம் விலா இடைவெளிகளில், இதயம் சுருங்கும் வேளையின் நடுப்பகுதியில் ஏறி இறங்கி, இரண்டாம் ஒலிக்கு முன்னரே முடிந்துவிடும் ஒரு குறுகிய, மென்மையான ஊதல் ஓசை. உரப்பில் ஆறில் இரண்டு என்ற தரம். கையை வைத்தால் அதிர்வு இல்லை. கழுத்துக்கோ அக்குளுக்கோ பரவவில்லை. இதயம் தளரும் வேளையில் எந்த முணுமுணுப்பும் இல்லை. மெதுவாக எழுந்து நிற்கவைத்துக் கேட்டபோது பாதியாகத் தேய்ந்து, நான் இடத்தை முன்பே அறிந்திராவிட்டால் தவறவிட்டிருக்கக்கூடிய அளவுக்குப் போனது.

ஓசை எப்படிப் பிறக்கிறது

இரத்தம் குழாய்க்குள் அடுக்கடுக்காக, ஒழுங்காக ஓடும்வரை ஓசை எழாது. ஓட்டம் குழம்பிச் சுழியிடும்போதே சுவர் அதிர்ந்து ஓசை பிறக்கிறது. ஓட்டம் குழம்புவதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: வேகம், குழாயின் விட்டம், திரவத்தின் பிசுக்குமை. வேகம் கூடினால் குழப்பம் கூடும், பிசுக்குமை குறைந்தாலும் குழப்பம் கூடும்.

இத்தாயின் இதயம் எட்டாம் வாரத்தில் 65 மில்லிலீற்றரை ஏறத்தாழ 0.30 செக்கனில் வெளித்தள்ளியது. அது செக்கனுக்கு 217 மில்லிலீற்றர். இப்போது 78 மில்லிலீற்றரை 0.28 செக்கனில் தள்ளுகிறது. செக்கனுக்கு 279 மில்லிலீற்றர். இதயவறையின் வாயிலோ பெரிதாக அகலவில்லை. அதே வாயிலால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடிய ஓட்டம் செல்கிறது. செங்குழியங்களின் பங்கு 37இலிருந்து 32.5 ஆகக் குறைந்ததால் இரத்தமும் இளகியிருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று பெருக்கும். பிசுக்குமை பத்துப் பதினைந்து வீதம் குறைந்ததாகக் கொண்டால், ஓட்டம் குழம்பும் நாட்டம் முன்பைவிட ஒன்றரை மடங்கை நெருங்கும். ஒழுங்கின் எல்லையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த ஓட்டம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஓசை நெஞ்சின் இடது மேற்பகுதியில் கேட்பதற்கும் காரணம் உண்டு: நுரையீரல் நாடி நெஞ்சுச் சுவருக்கு மிக அருகில் அங்கேதான் இருக்கிறது, மெலிந்த பெண்ணில் இடையே தடிப்பான திசுவும் இல்லை.

துருசு கொஞ்சமாகத் திறந்திருக்கையில் தண்ணீர் சத்தமின்றி வழியும். கதவை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினால் இரையும். கதவு உடைந்ததால் வரும் இரைச்சல் அன்று அது. இதை நான் சொல்லவில்லை, அந்தக் கணவரே சொன்னார். எழுந்து நின்றபோது சத்தம் தேய்ந்த காரணத்தையும் இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்; நிற்கையில் இரத்தம் கால்களில் தேங்கி, ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு குறைய, ஓட்டம் மீண்டும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. இதயத்தசை தடித்து வெளிவாயிலை மறிக்கும் நோயில் இதற்கு நேர்மாறாக, எழுந்து நிற்கும்போது சத்தம் உரக்கும். ஒரு செலவுமில்லாத சோதனை, ஆனால் நெரிசலான கிளினிக்கில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

1966இல் 50 ஆரோக்கியமான கர்ப்பிணிகளின் இதய ஒலிகளைக் கருவி கொண்டு பதிந்து பார்த்த ஆய்வொன்றில், பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோரிடம் இத்தகைய முணுமுணுப்பு காணப்பட்டது. எனவே கவனமாகக் கேட்கும் எவரும் பெரும்பாலான தாய்மாரிடம் இதைக் கேட்பார். அமைதியான அறையில் கேட்காதவர்கள் தவறவிடுகிறார்கள் என்பதே உண்மை.

எக்கோவுக்கு அனுப்பிய காரணம்

அறிகுறிகள் இல்லாத ஒரு தாயிடம், மேலே விபரித்த பண்புகள் அனைத்தும் பொருந்தும் முணுமுணுப்புக்கு எக்கோ கட்டாயமில்லை. ஆயினும் இத்தாயை நகரிலுள்ள இதயவியல் கிளினிக்குக்கு அனுப்பினேன். தாயாரிடம் சிறுவயது விபரம் கேட்டபோது, "பத்து வயசில முழங்கால் வீங்கிக் கிடந்தா, ஊசி ஒண்டும் போடல்ல" என்றார். மூட்டுகளை வீங்கவைத்து இதய வால்வுகளையும் கெடுக்கக்கூடிய வாதக் காய்ச்சலுக்குப் பின் ஆண்டுக்கணக்காக மாதாந்த பெனிசிலின் ஊசி போடப்பட்டதா என்ற கேள்வி நம் பகுதியில் எந்தக் கர்ப்பிணியிடமும் விடுபடக் கூடாதது. போர்க்காலத்தில் வளர்ந்த பிள்ளைகளின் சிறுவயது நோய்கள் பல எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை. முழங்கால் வீக்கம் வேறு காரணத்தாலும் வந்திருக்கலாம். ஆனால் வால்வைப் பார்க்காமல் அதை நம்பி இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எக்கோவில் நான்கு வால்வுகளும் சாதாரணம். இடது இதயவறை சற்றே பெருத்து, கர்ப்பத்துக்குரிய அளவுக்குள் இருந்தது. முக்கூர் வால்வில் மிகச் சிறிய கசிவொன்று தெரிந்தது. இதுவும் கர்ப்பத்தில் வழமை, அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்படவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

என்னை இவ்வளவு கவனமாக்கியது அதே ஆண்டில் பார்த்த இன்னொரு தாய். கரையோரக் கிராமத்தவர், இரண்டாம் கர்ப்பம், 30ஆம் வாரம். இரவில் படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால் தணிவு. வேறோர் இடத்தில் இரண்டு வாரங்களாக இழுப்புக்கு மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. நாடித்துடிப்பு 118. மார்பெலும்பு ஓரத்தில் அவருக்கும் மென்மையான முணுமுணுப்பு ஒன்று கேட்டது. அங்கே நின்றிருந்தால் அவரையும் சாதாரணம் என்றே அனுப்பியிருப்பேன். இடப்பக்கம் நன்கு சரித்து, ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பக்கத்தை நுனித்துடிப்பின் மேல் அழுத்தாமல் வைத்தபோது, இதயம் தளரும் வேளையில் தாழ்ந்த உருளல் ஓசை கேட்டது. வாதக் காய்ச்சலால் சுருங்கிப்போன இருகூர் வால்வு அது. எக்கோவில் வாயிலின் பரப்பு 1.1 சதுர சென்ரிமீற்றர். இயல்பான வாயில் நான்கு முதல் ஆறு வரை இருக்கும்.

சாதாரண இதயத்தில் வெறும் ஓசையாக முடியும் அதே மாற்றம் இங்கே உயிராபத்தாகிறது. சுருங்கிய வாயிலின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு ஓட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும், ஓட்டம் 1.45 மடங்கானால் அழுத்தம் இரு மடங்குக்கு மேல் உயரும். நாடித்துடிப்புக் கூடும்போது பெரிதும் குறுகுவது இதயம் தளர்ந்து நிரம்பும் நேரமே. ஆக, கூடிய இரத்தம் குறைந்த நேரத்தில் சிறிய வாயிலால் புகவேண்டியிருக்கிறது. மிஞ்சிய அழுத்தம் பின்னோக்கி நுரையீரலில் தேங்கி இரவு இருமலாக வெளிப்பட்டது. துடிப்பைத் தணிக்கும் மருந்தும் சிறுநீர் பெருக்கும் மருந்தும் கொடுக்கப்பட்டு, இதயவியல் வசதியுள்ள வைத்தியசாலையில் அவருக்குப் பேறு நிகழ்ந்தது. தாயும் பிள்ளையும் நலம். கசியும் வால்வு கர்ப்பத்தை ஓரளவு தாங்கும், ஏனெனில் முன்னால் உள்ள தடை குறைவதால் இரத்தம் பின்னோக்கிப் போவதும் குறைகிறது. சுருங்கிய வால்வுக்கு அந்தச் சலுகை இல்லை. இதயம் தளரும் வேளையில் எந்த முணுமுணுப்பு கேட்டாலும், ஆறில் மூன்று தரத்தையோ அதற்கு மேலோ எட்டிய எந்த ஓசையானாலும், படுக்க முடியாத மூச்சுத்திணறலோடு வரும் எந்த ஓசையானாலும் அதை ஆராயாமல் இயல்பு என்று எழுதி முடிக்க எவருக்கும் உரிமை இல்லை.

37ஆம் வாரமும் பின்னரும்

முதல் தாய் 37ஆம் வாரத்தில் வந்தபோது புதியதொரு சத்தம் காத்திருந்தது. இடது மார்பின் மேற்பகுதியில், சுருக்கத்திலும் தளர்விலும் நிற்காது தொடரும் ஒரு மெல்லிய இரைச்சல். கூட இருந்த பயிற்சி வைத்தியர், பிறவியிலேயே மூடாத நாடிக்கான் ஒன்றோ என்று கேட்டார்; ஓசை அதைப் போலத்தான் இருந்தது. ஸ்டெதஸ்கோப்பின் தட்டை நெஞ்சில் சற்று அழுத்தச் சொன்னேன். ஓசை நின்றது. கையைத் தளர்த்தியதும் மீண்டும் வந்தது. பாலூட்டலுக்காகப் பெருத்த மார்பு நாடிகளில் ஓடும் இரத்தத்தின் ஓசை அது; தோலுக்கு அருகே இருப்பதால் அழுத்தினால் நாடி நசுங்கி அடங்கிவிடும். நெஞ்சுக்குள் இருக்கும் நாடிக்கானை விரலால் நசுக்க முடியாது. பயிற்சி வைத்தியர் மூன்று தடவை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுக் கேட்டார். அந்த வேறுபாட்டை ஒருமுறை காதால் கேட்டவர் மறக்கமாட்டார்.

39ஆம் வாரத்தில் சுகப்பிரசவம். பேற்றின்போது ஒவ்வொரு கருப்பைச் சுருக்கமும் 300 முதல் 500 மில்லிலீற்றர் இரத்தத்தைத் தாயின் சுற்றோட்டத்துக்குள் பிழிந்து அனுப்புகிறது. பிள்ளை பிறந்த கையோடு கருப்பையின் அழுத்தம் பெருநாளத்திலிருந்து விலக, இதயவெளியேற்றம் முழுக் கர்ப்பத்திலும் இல்லாத உச்சத்துக்கு ஏறும். வால்வு சுருங்கிய தாய்மாரைப் பேற்றுக்குப் பிந்திய முதல் நாளில் விட்டு நகராமல் பார்ப்பது இதனாலேயே. இத்தாய்க்கு ஏறத்தாழ 350 மில்லிலீற்றர் இரத்தம் போனது. நாடித்துடிப்பில்கூட அது தெரியவில்லை. மேலதிகமாகச் சேர்த்துவைத்திருந்த ஒன்றரை லீற்றர் அளவு இரத்தத்தின் பயன்களில் ஒன்று இது.

ஆறாம் வாரக் கிளினிக்கில் அவருடைய நாடித்துடிப்பு 70, அழுத்தம் 110/70, ஹீமோகுளோபின் 11.9. மார்பெலும்பின் இடது ஓரத்தில், படுக்கவைத்தும் நிற்கவைத்தும், நீண்ட நேரம் கேட்டேன். இரண்டு ஒலிகள் மட்டுமே இருந்தன. பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. இடது மார்பின் மேற்பகுதியில் அந்தத் தொடர் இரைச்சல் இன்னும் இருந்தது, தட்டை அழுத்தியதும் அடங்கியது. பால் கொடுக்கும் காலம் முழுவதும் அது கேட்கக்கூடும் என்பதால், அடுத்துப் பார்ப்பவர் ஓட்டை என்று சொல்லிவிடாதபடி, "அழுத்தினால் மறையும் மார்பு நாடி ஓசை; எக்கோ சாதாரணம்" என்று அட்டையில் தேதியிட்டு எழுதிக் கொடுத்தேன். கணவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.